தீக்காயமா... முதல் 20 நிமிடங்கள் தண்ணீர் மட்டும்தான்! பேஸ்ட், மாவு, ஐஸ் ஏன் கூடாது?

கடாயிலிருந்து எண்ணெய் கையில் கொட்டியதும் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒருவர் பாத்ரூமிலிருந்து டூத்பேஸ்ட்டை எடுத்து வருவார். இன்னொருவர் ஃப்ரிட்ஜைத் திறந்து இட்லி மாவை எடுப்பார். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் தூளோடு வருவார். சுட்டுக்கொண்டவர் பாவம், குழாயைத் திறக்கப் போனால், "ஐயோ, தண்ணி ஊத்தாதே... கொப்பளிச்சிடும்!" என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

இத்தனை பேரில் சரியானதைச் செய்யப்போனவர், குழாயைத் திறக்கப்போனவர் மட்டும்தான். சூடு பட்ட இடத்தில் ஓடும் தண்ணீரை 20 நிமிடங்கள் விடுவது. இதுதான் முதலுதவி. காயம் எவ்வளவு ஆழமாகப் போகும், தழும்பு விழுமா, தோல் ஒட்டும் சிகிச்சை வரை போகுமா என்பதில் இந்த 20 நிமிடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுப்பை அணைத்தும் சுடும் தோசைக்கல்

தோசைக்கல் சூடாக இருக்கும்போது அடுப்பை அணைத்தால், அது உடனே ஆறிவிடுமா? இல்லை. அந்தச் சூட்டிலேயே இன்னொரு தோசைகூட வெந்துவிடும். நம் தோலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொதிக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டாலும், தோலுக்குள் இறங்கிய சூடு உடனே வெளியேறாது. அது உள்ளேயே நின்று, கீழே இருக்கும் திசுக்களைத் தொடர்ந்து சேதப்படுத்தும்.

60 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர், பெரியவர்களின் தோலை ஆழமாகச் சுடுவதற்குச் சுமார் 5 விநாடிகள் போதும். 70 டிகிரி என்றால் ஒரே விநாடி. அப்போதுதான் கொதித்து இறக்கிய டீ இதைவிடச் சூடாக இருக்கும். அப்பளம் பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரியை ஒட்டி இருக்கும்.

தீக்காயத்தில் மூன்று வட்டங்கள் இருப்பதாக 1953-ல் டக்ளஸ் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர் விளக்கினார். நடுவட்டத்தில் இருக்கும் திசு ஏற்கெனவே இறந்துவிட்டது. அதை யாராலும் மீட்க முடியாது. வெளிவட்டம் வெறுமனே சிவந்திருக்கும், தானாகவே சரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டம் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, திசு பிழைக்குமா, சாகுமா என்ற நிலையில் ஊசலாடிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றுவது இந்த நடுவட்டத்தைக் காப்பாற்றத்தான்.

சரி, 'தண்ணி பட்டா கொப்பளிக்கும்' என்பது? கொப்புளம் வருவது சூட்டால். தோலின் மேல் அடுக்கும் அடுத்த அடுக்கும் பிரிந்து, நடுவில் நீர் கோப்பதைத்தான் கொப்புளம் என்கிறோம். காயம் அந்த ஆழத்துக்குப் போயிருந்தால், தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் கொப்புளம் வரும். அது வெளியே தெரியச் சில நிமிடங்களோ, சில மணி நேரமோ ஆகும். அதற்குள் தண்ணீர் ஊற்றியிருப்போம் என்பதால், பழி தண்ணீர் மேல் விழுந்துவிடுகிறது.

ஏன் 20 நிமிடங்கள்?

பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடங்கள் கையைக் குழாயில் காட்டிவிட்டு, எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுகிறார்கள். மேல்தோல் ஆறினாலும் உள்ளே இருக்கும் சூடு வெளியே வர நேரம் பிடிக்கும். அதனால்தான் கையை வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'சுருசுரு'வென எரிகிறது. ஆகவே, மொபைலில் 20 நிமிட டைமரை ஆன் செய்துவிட்டுக் குழாயடியில் நில்லுங்கள். வலியில் 5 நிமிடமே அரை மணி நேரம்போலத் தோன்றும் என்பதால், மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

உடனே ஆரம்பிப்பதுதான் நல்லது. ஆனால், தாமதமாகிவிட்டால் விட்டுவிடாதீர்கள். சூடு பட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. யாராவது ஏற்கெனவே பேஸ்ட் தடவிவிட்டிருந்தாலும், அதைத் தண்ணீரிலேயே மெதுவாகக் கழுவிவிட்டு 20 நிமிடங்களை அங்கிருந்து தொடங்கலாம்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்? சாதாரணக் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி போதும். நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடை மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரே கொதிக்கும். எனவே, காயத்தில் விடும் முன் உங்கள் இன்னொரு கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது வேண்டாம். டிரம், குடம், மண்பானை என வீட்டுக்குள் நிழலில் இருக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தேவைப்பட்டால் ஃப்ரிட்ஜ் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம், ஐஸ் கட்டியைப் போடக் கூடாது.

தண்ணீர் குறைவாக இருந்தால்? 20 லிட்டர் கேனில் இருந்து மெல்லிய தாரையாக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் விட்டால் சரியாக 20 நிமிடங்களுக்கு வரும். அதுவும் இல்லையென்றால், சுத்தமான இரண்டு துணிகளை நனைத்து, இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போடலாம். ஓடும் தண்ணீர் அளவுக்கு இது பலன் தராது, ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு அப்பள எண்ணெய் விபத்து... நிமிடக் கணக்கு!

இரண்டு தோழிகள் தங்கியிருக்கும் வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மதியம் 12.40. ஒருவர் அப்பளம் பொரிக்கிறார். சுடிதார் துப்பட்டா கடாயின் பிடியில் மாட்டி, எண்ணெய் இடது கையில் கொட்டிவிடுகிறது. முழங்கைக்குக் கீழிருந்து விரல்கள் வரை.

முதல் வேலை, அடுப்பை அணைப்பது. அதை இன்னொரு தோழி செய்கிறார். அடுத்து, எண்ணெயில் ஊறிய சுடிதார் கையை உடனே அகற்ற வேண்டும். ஊறிய துணி, சூட்டைத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். நைட்டியில் வெந்நீர் கொட்டினாலும், குழந்தையின் டயப்பரில் சூடான பால் ஊறினாலும் இதே கதைதான். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்கக் கூடாது. இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாம்.

12.42. சிங்க் குழாயைத் திறக்கிறார்கள். தண்ணீர் சூடாக வருகிறது. உடனே சமையலறை மூலையில் இருக்கும் தண்ணீர் கேனைத் திருப்பி, கையில் தாரையாக விடுகிறார்கள். தண்ணீர் விழும்போதே மோதிரத்தையும் வளையலையும் வாட்ச்சையும் கழற்றுகிறார்கள். இதைத் தள்ளிப்போட முடியாது. சீக்கிரமே கை வீங்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு மோதிரம் விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காலில் பட்டால் மெட்டி, கொலுசு. இடுப்பில் பட்டால் அரைஞாண் கயிறு. மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறையும் மறந்துவிட வேண்டாம்.

1.02. டைமர் அடிக்கிறது. இப்போது காயத்தைப் பார்க்கிறார்கள். முன்கை சிவந்து, ஈரமாக மினுமினுக்கிறது. புறங்கையில் இரண்டு கொப்புளங்கள் எழும்பியிருக்கின்றன. வலி அதிகம். 'வீட்டிலேயே பார்த்துக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?' என்ற கேள்வி வருகிறது. இங்கே ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. சுட்டுக்கொண்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவிகிதம். காயம் அந்த அளவைவிடப் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். இவருக்கு அதைத் தாண்டிவிட்டது. கூடவே, கொப்புளம் வந்திருப்பது கையில். அதனால் ஆஸ்பத்திரி உறுதி.

1.05. சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ரோல் இருக்கிறது. முதல் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த பகுதியைக் காயத்தின் மேல் நீளவாக்கில் வைக்கிறார்கள். கையைச் சுற்றி இறுக்கவில்லை, ஏனென்றால் கை இன்னும் வீங்கும். அந்த ஷீட் காயத்தில் ஒட்டாது, காற்று படாததால் எரிச்சலும் குறையும். டாக்டர் அதை எடுக்காமலேயே காயத்தைப் பார்க்கலாம். ஷீட் இல்லாதவர்கள் துவைத்து உலர்ந்த காட்டன் துணியை, பழைய வேட்டித் துண்டை, லேசாக மேலே போர்த்தலாம். பஞ்சு மட்டும் வேண்டாம். அதன் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுப்பது நரகம்.

வலிக்கு, அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த பாரசிட்டமால் ஒன்று. பிறகு, கையை இதயத்தைவிடச் சற்று உயரமாகப் பிடித்தபடி ஆட்டோவில் கிளம்புகிறார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியவை நான்கு. எதனால் சுட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டோம், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது.

இதையெல்லாம் தடவவே தடவாதீர்கள்!

டூத்பேஸ்ட் தடவினால் ஜில்லென்று இருக்கும். அந்த உணர்வைத் தருவது அதில் இருக்கும் புதினா வாசனைப் பொருள், உள்ளே இருக்கும் சூட்டை அது குறைப்பதில்லை. சற்று நேரத்தில் பேஸ்ட் காய்ந்து, காயத்தின் மேல் ஓடுபோல ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யும்போது, வெந்த தோலில் இருந்து அதைத் தேய்த்து எடுக்க வேண்டிவரும்.

நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவை காயத்தின் மேல் ஒரு படலமாக நின்று, சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கும். இட்லி மாவு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால், புளித்த மாவில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றன. இட்லிக்கு நல்லதாக இருக்கும் அவை, தோல் என்ற கவசம் போன இடத்தில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருவுக்கும் இதே பதில்தான்.

மஞ்சள் தூள், காபித் தூள், பேனா இங்க் மூன்றிலும் கிருமித் தொற்றோடு இன்னொரு பிரச்னையும் உண்டு. தீக்காயத்தின் ஆழத்தை டாக்டர் நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறார். அதன் மேல் மஞ்சளோ நீலமோ பூசிவிட்டால், அவர் எதைப் பார்ப்பார்? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் க்ரீம்களையும், டாக்டர் பார்க்க வேண்டிய காயத்தில் முன்கூட்டியே தடவாதீர்கள். வெள்ளை க்ரீம்கூட நிறத்தை மறைத்துவிடும்.

ஐஸ்? 'குளிர்ச்சிதானே வேணும், ஐஸ் இன்னும் பெட்டர் இல்லையா?' என்று தோன்றும். ஐஸ் பட்டதும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஊசலாடிக்கொண்டிருக்கும் அந்த நடுவட்டத்துக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். வெந்த தோல், இப்போது உறைபனியாலும் சேதமாகும்.

கொப்புளத்தை ஊசியால் குத்துவதும் வேண்டாம். அந்த மெல்லிய தோல்தான் அடியில் இருக்கும் பச்சைப் புண்ணுக்கு இயற்கையான பேண்டேஜ். பெரிய கொப்புளத்தை என்ன செய்வது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வலிக்கவில்லை என்றால் நிம்மதி வேண்டாம்

மேலோட்டமான காயம் சிவந்து, உலர்ந்து, எரியும். கொப்புளம் இருக்காது. உள்ளங்கையைவிடச் சிறியது என்றால் இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். அடுத்த நிலையில் கொப்புளங்கள் வரும், ஈரம் கசியும், தொட்டாலே உயிர் போகும். மூன்றாவது நிலையில் தோல் வெள்ளையாகவோ, பழுப்பாகவோ, கறுப்பாகவோ மாறி, பதப்படுத்திய தோல்போல விறைத்திருக்கும். அந்த இடத்தில் வலியே தெரியாது. 'வலிக்கலையே, பரவாயில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். வலியை உணர வேண்டிய நரம்புகளே கருகிவிட்டன என்று அர்த்தம். அளவு சிறியதாக இருந்தாலும் இதற்கு மருத்துவமனைதான்.

முகம், கழுத்து, கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தாலும், கையையோ காலையோ வளையம்போலச் சுற்றிக் காயம் இருந்தாலும் அளவு பார்க்காமல் கிளம்புங்கள். கைக்குழந்தைகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் சின்னக் காயத்தையும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. மின்சாரம் தாக்கியிருந்தால் தோலில் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைக்கும் வரை அவரைத் தொடாதீர்கள். டாய்லெட் ஆசிட் போன்ற ரசாயனம் பட்டால், துணியைக் கழற்றிக்கொண்டே தண்ணீரை ஊற்றத் தொடங்குங்கள். இங்கே 20 நிமிடங்கள் என்பது ஆரம்பம்தான், மருத்துவ உதவி வரும் வரைகூடத் தொடரலாம்.

உடையில் தீப்பிடித்தால்...

உடையில் தீப்பற்றியதும் ஓடத்தான் தோன்றும். ஓடினால் காற்றில் தீ இன்னும் பரவும். நின்றபடி இருந்தால் தீ மேல்நோக்கி முகத்துக்கு ஏறும். எனவே நின்று, உடனே தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான ஜமக்காளம், கம்பளி, காட்டன் போர்வை எதையாவது போர்த்தித் தீயை அணைக்கலாம். வாளித் தண்ணீர் கையருகே இருந்தால் ஊற்றலாம். நைலான், பாலியஸ்டர் போர்வை வேண்டாம், அது உருகித் தோலில் ஒட்டும். தீ அணைந்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள். அப்படியே சுற்றி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும்.

அடுத்து, ஒருவர் 108-க்கு போன் செய்ய, இன்னொருவர் தண்ணீர் ஊற்ற ஆரம்பிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்கும் நேரம்தான் அந்த 20 நிமிடங்கள். ஆனால், பெரிய காயத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. தோல் போன உடம்பால் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. தொடர்ந்து தண்ணீர் ஊற்றும்போது மொத்த உடலும் குளிர்ந்து, நடுக்கம் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் காயம்பட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற பகுதிகளை உலர்ந்த போர்வையால் மூடிக் கதகதப்பாக வையுங்கள். நடுக்கம் ஆரம்பித்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, காயத்தைச் சுத்தமான உலர்ந்த துணியால் மூடிவிடுங்கள்.

மூடிய அறையில் புகைக்குள் சிக்கியவரின் குரலைக் கவனியுங்கள். குரல் கரகரத்தாலோ, மூக்கைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, புருவம் பொசுங்கியிருந்தாலோ, மூச்சுக்குழாய் சுட்டிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே காயமே இல்லாவிட்டாலும் இது அவசரம். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். அவரை உட்கார்ந்த நிலையில் வைத்திருங்கள், ஆம்புலன்ஸிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். பெரிய தீக்காயம் உள்ளவருக்குச் சாப்பாடு, ஜூஸ் எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு முதலில் போய், அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போகலாம்.

அடுத்த இரண்டு வாரங்கள்

வீட்டில் ஆறவைக்கும் சின்னக் காயத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போட்டால் போதும். சுற்றியுள்ள சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழோ வாடையோ வந்தால், காய்ச்சல் அடித்தால், குறைந்த வலி மறுபடியும் கூடினால் தொற்று ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இவை எதுவும் இல்லாமல், இரண்டு வாரமாகியும் காயம் மூடவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். மூன்று வாரங்களைத் தாண்டி ஆறும் காயங்கள்தான் பெரும்பாலும் தடித்த தழும்பாக நிற்கின்றன. ஆறிய புதுத்தோல் வெயிலில் சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால், சில மாதங்களுக்கு முழுக்கை சட்டையோ சன்ஸ்க்ரீனோ இல்லாமல் பைக் எடுக்காதீர்கள்.